முக்கோணத்தை அளந்தவர்கள் செவ்வகத்தைத் தொலைத்த கதை

லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பின் வாசலில் பழவண்டிக்காரர் ஆப்பிளுக்குச் சொல்லும் விலையில் ஒரு பகுதி இறக்குமதி வரியின் விளைவு. இந்தியா ஆப்பிளுக்கு விதித்துவந்த 50 சதவீதச் சுங்கவரியைக் குறித்து அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசிய பேராசிரியர், ‘டெட்வெயிட் இழப்பைக் காட்டும் முக்கோணங்கள் சிறியவை, எனவே கவலை வேண்டாம்’ என்று முடித்தார். அவையும் தலையசைத்தது. இப்பதிவு அந்தத் தலையசைப்புக்கு எதிரானது.

முதலில் வரைபடத்தை ஒழுங்காக அளப்போம். உலக ஆப்பிள் விலையை நம் கொள்முதல் அசைக்காது என்று கொண்டால், நாம் சிறிய திறந்த பொருளாதாரம். கணக்கின் எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன், இவை புள்ளிவிவரமல்ல. உலக விலை கிலோ 60 ரூபாய். அவ்விலையில் உள்நாட்டு விளைச்சல் 20 லட்சம் டன், நுகர்வு 30 லட்சம் டன், இறக்குமதி 10 லட்சம் டன். 50 சதவீத வரியால் விலை 90 ஆகிறது. விளைச்சல் 23 லட்சமாக ஏறுகிறது, நுகர்வு 27 லட்சமாக இறங்குகிறது, இறக்குமதி 4 லட்சமாகச் சுருங்குகிறது.

நுகர்வோர் இழப்பது 60, 90 என்னும் இரு விலைக்கோடுகளுக்கு நடுவே, தேவைக்கோட்டின் இடப்புறம் உள்ள சரிவகம் முழுவதும்: 30 ரூபாயைச் சராசரி நுகர்வான 28.5 லட்சம் டன்னால் பெருக்கினால் 8,550 கோடி. அதில் விவசாயிக்குப் போவது 6,450 கோடி. அரசின் வருவாய் 30 ரூபாய் பெருக்கல் 4 லட்சம் டன், அதாவது 1,200 கோடி. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே: வரிக்கு முந்தைய 10 லட்சம் டன்னை வைத்துப் பெருக்கி 3,000 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். வரி வந்தபின் துறைமுகத்தில் இறங்கும் சரக்குதான் வரி கட்டும். மிஞ்சுபவை இரு முக்கோணங்கள். உள்நாட்டில் கூடுதல் செலவில் விளைவித்ததால் 450 கோடி, வாங்காமல் விட்டதால் 450 கோடி. ஆக 900 கோடி எவருக்கும் பயனின்றிக் கரைகிறது. 8,550 கோடியிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தாலும் அதே 900 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பரப்பை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள்.

நுகர்வோரின் மொத்த இழப்போடு ஒப்பிட்டால் 900 சிறியதுதான். ஆனால் அந்த ஆறுதல் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: நடுவிலுள்ள செவ்வகம் நம் கருவூலத்துக்கு வந்தாக வேண்டும்.

2023 மே மாதம் ஆப்பிளுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை ஒன்று வந்தது. சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்த மதிப்பு கிலோவுக்கு 50 ரூபாய்க்குக் குறைந்தால், பூட்டானைத் தவிர வேறெந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி கூடாது. இதையும் ‘இன்னொரு பாதுகாப்பு’ என்று வரியின் பக்கத்திலேயே அடுக்குகிறோம். வரைபடத்தில் இரண்டும் ஒன்றல்ல. நம் எடுத்துக்காட்டில் வரியை நீக்கிவிட்டு, 90 ரூபாயைக் குறைந்தபட்ச விலையாக அறிவித்ததாகக் கொள்வோம். சந்தை விலை அதே 90, விளைச்சல், நுகர்வு, இறக்குமதி எல்லாம் அதேதான், முக்கோணங்களும் மாறா. ஆனால் 60க்கு விற்கத் தயாராயிருந்த வெளிநாட்டு வணிகர் சட்டப்படியே 90 வாங்கிக்கொள்கிறார். 1,200 கோடிச் செவ்வகம் எல்லை கடக்கிறது. நாட்டின் இழப்பு 900 அன்று, 2,100 கோடி.

நடைமுறையில் இந்த விலை 50 சதவீத வரியின்மேல் வந்து அமர்ந்தது. 40 ரூபாய்ச் சரக்குக்கு 50 கேட்கப்பட்டால், கருவூலம் 25 ரூபாய் வரி பெறுகிறது. கூடுதல் 10 ரூபாய் விற்பவருக்கு. அல்லது ரசீதில் மட்டும் 50 எழுதி, அந்தப் 10 ரூபாய் வேறு வழியில் திரும்புகிறது. எப்படிக் கண்டறிவது? சுங்கப் பதிவுகளில் கிலோவாரி மதிப்பை வரிசைப்படுத்துங்கள். 50க்குச் சற்று மேலே பதிவுகள் குவிந்து கிடந்தால் எச்சரிக்கை கொள்ளலாம். அந்தக் குவியல் மட்டும் விலையேற்றத்தையும் பொய் ரசீதையும் பிரித்துக் காட்டாது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் பதிவோடு ஒப்பிட்டாக வேண்டும்.

காஷ்மீர், இமாச்சல் விவசாயிகளைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். காக்கலாம். ஆனால் மேற்கண்ட இரு வழியிலும் விவசாயிக்குக் கிடைப்பது அதே 90 ரூபாய்தான். ஆகவே விவசாயியின் பெயரால் வரியை நியாயப்படுத்தலாம். செவ்வகத்தை வெளிநாட்டுக்குத் தாரைவார்ப்பதை நியாயப்படுத்த முடியாது.

சேமிப்புக் கிடங்கு, பருவம், இறக்குமதிப் பழத்துக்கும் உள்ளூர்ப் பழத்துக்கும் உள்ள தர வேறுபாடு ஆகியவை இந்த எளிய வரைபடத்தில் இல்லை. முக்கோணங்களின் அளவை அவை மாற்றும். செவ்வகம் யாருடையது என்ற கேள்வியை மாற்றா. அடுத்த கருத்தரங்கில் எவரேனும் முக்கோணத்தைக் காட்டினால், அதன் அருகிலுள்ள செவ்வகத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.