முட்டைக்கோசு மேல் வீண் பழி!

தைராய்டு குறைவு என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது முட்டைக்கோசு. அடுத்தது காலிபிளவர். அதன் பிறகு முள்ளங்கி. பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்று சொல்வார். மாமியார் ஒன்று சொல்வார். மளிகைச் சீட்டு நாளுக்கு நாள் சுருங்கும். ஆனால் மாத்திரையை எதனோடு விழுங்குகிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. உண்மையான தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பழி எப்படி வந்தது?

முட்டைக்கோசு மேல் வந்த சந்தேகம் கட்டுக்கதை அல்ல. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1928-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் செஸ்னி என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் முயல்களை வளர்த்து வந்தனர். அவர்கள் ஆராய்ந்தது வேறு ஒரு நோயை. ஆனால் முயல்களின் கழுத்தில் தைராய்டு சுரப்பி பெரிதாக வீங்கியது. காரணம் தேடிய போது, முயல்களுக்குத் தீனியாகப் போட்டது பெரும்பாலும் முட்டைக்கோசுதான் என்று தெரிந்தது.

தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் என்ற பொருள் வேண்டும். முட்டைக்கோசு வகைக் காய்களில் இருந்து உண்டாகும் சில பொருள்கள், அயோடினைச் சுரப்பி பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. இது உண்மை.

ஆனால் அந்த முயல்களுக்குக் காலையும் மாலையும் பச்சைக் கோசுதான் சாப்பாடு. மனிதர் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

ஒரு மூதாட்டியின் கதை

ஒருவர் அப்படிச் சாப்பிட்டார். அவர் 88 வயதுச் சீன மூதாட்டி. நீரிழிவு குறையும் என்று நம்பி, முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்த ஒரு சீனக் கீரையைத் தினம் 1 கிலோ முதல் 1½ கிலோ வரை பச்சையாகவே தின்றார். சில மாதங்கள் இப்படிச் சென்றன. கடைசியில் தைராய்டு அடியோடு குறைந்து, உயிருக்கே ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 2010-ம் ஆண்டு ஒரு பிரபல மருத்துவப் பத்திரிகையில் இந்தச் செய்தி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. அளவு கிலோக் கணக்கு. தின்றது பச்சையாக. தின்றது தினந்தோறும்.

நம் வீட்டுப் பொரியலில் ஒருவர் பங்கு ஒரு கைப்பிடி. அதுவும் வெந்தது. வேக வைக்கும்போது, அந்தத் தடுக்கும் பொருள் உண்டாவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோசுப் பொரியலோ காலிபிளவர் குழம்போ சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் பச்சைக் கோசுச் சாறு குடிக்கும் புதுப் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நோயாளி விழுங்கும் தைராய்டு மாத்திரை, சுரப்பி செய்ய வேண்டிய பொருளைத் தயாராகவே உடம்புக்குக் கொடுத்துவிடுகிறது. சுரப்பியின் வேலையைத்தான் கோசு தடுக்கும். மாத்திரையின் வேலையைத் தடுக்காது. முறையாக மாத்திரை சாப்பிடுகிறவர் கோசைக் கண்டு பயப்படுவது வீண்.

மாத்திரைக்கு எதிரிகள்

மாத்திரைக்கு எதிரிகள் வேறு. அவை காப்பி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சோயா மாவு ஆகியவை. இவை வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு சேர்ந்தால், மருந்து உடம்பில் சேருவது குறையும்.

ஒரு குடும்பத் தலைவியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு எழுந்து, காப்பியோடு மாத்திரையை விழுங்குகிறார். 7 மணிக்கு இட்லி சாப்பிட்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று போடுகிறார். கோசு, காலிபிளவர், முள்ளங்கி மூன்றையும் விட்டுவிட்டார். ஆனாலும் சோர்வு போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு குறையவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். காப்பியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இவர் செய்ய வேண்டியது சுலபம். விடிகாலை 5½ மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. 6½ மணிக்குக் காப்பி. அதன் பிறகு பலகாரம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரவில். இந்த இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். மருந்து நன்றாகச் சேர ஆரம்பித்ததும், கூட்டிய அளவு அதிகமாகிப் படபடப்பும் வியர்வையும் வரலாம். அப்போது டாக்டர்தான் அளவைக் குறைக்க வேண்டும். தாமாகக் குறைக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் வழக்கமாகக் கொடுக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே வேளையில் வாயில் போட்டுக்கொண்டால், வயிற்றுக் குழந்தைக்கும் வேண்டிய தைராய்டு மருந்து வீணாகும்.

மளிகைச் சீட்டில் என்ன எழுதலாம்?

முதலில் உப்பு. அயோடின் கலந்த உப்பு என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்க வேண்டும். ஒரு கிராமை ஒரு லட்சம் கூறு போட்டால், அதில் 15 கூறுதான் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின். அந்தத் துளியும் இந்துப்பில் போதுமான அளவு கிடையாது. தைராய்டுக்கு நல்லது என்று சொல்லி அதிக விலைக்கு இந்துப்பு வாங்குவது, காசு கொடுத்து நஷ்டம் வாங்குவதாகும். உப்பை மூடி வைத்து, அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும். சமையல் முடியும் தறுவாயில் போடுவது நல்லது.

அதற்காக உப்பை அள்ளிப் போடவும் கூடாது. கடல்பாசி மாத்திரை, அயோடின் மாத்திரை என்று கடையில் விற்பவற்றைத் தாமாக வாங்கக் கூடாது. அயோடின் அளவுக்கு மீறினாலும் சுரப்பி கெடும்.

மீன், முட்டை, பால் ஆகியவற்றை எழுதலாம். இவற்றிலும் அயோடின் உண்டு. சோயா உருண்டையும் எழுதலாம். ஆனால் அதை மதியத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் அடியோடு இல்லாமல், மறு வாரம் தினமும் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது.

கடைசியாக முட்டைக்கோசு. மலிவாக விற்கும் நாளில் அதை வாங்காமல் திரும்புவது வீட்டுக்குத்தான் நஷ்டம். அம்மாவுக்குத் தனிக் காய், பிள்ளைகளுக்குத் தனிக் காய் என்று இரண்டு வாணலி வைக்கவும் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே பொரியல் போதும். காலை மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் சரி.