"இப்போது நலம்"னு எழுதினா போதுமா? ராத்திரி மூச்சுத்திணறலும் நர்சிங் நோட்டும்

1/ ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒருத்தருக்கு மூச்சுத்திணறல் அதிகமானா, அவரை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, சிஸ்டர்தான். கேஸ் ஷீட்டில் அவர் எழுதும் பத்து வரியை நம்பித்தான் அடுத்து வர்ற எல்லாரும் முடிவெடுக்கிறோம். அந்தப் பத்து வரியில் எந்த வரி உயிரைக் காப்பாத்தும், எந்த வரி நம்மளை ஏமாத்தும்னு சொல்றேன்.

2/ நர்சிங் நோட்டை எழுத 'டார்' என்று ஒரு முறை உண்டு. டேட்டா, ஆக்‌ஷன், ரெஸ்பான்ஸ். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், செய்த பிறகு நோயாளி எப்படி ஆனார். மூணே கேள்விதான். முதல் ரெண்டையும் பெரும்பாலும் ஒழுங்கா எழுதிடுவாங்க. மூணாவதுதான் பல இடங்களில் "இப்போது நலம்" என்ற ரெண்டு வார்த்தையில் முடிஞ்சுடுது. என் சண்டை அந்த ரெண்டு வார்த்தையோடதான்.

3/ ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 66 வயது அம்மா. ஏற்கெனவே இதயம் பலவீனம். காய்ச்சல், மூணு நாளா சரியா சாப்பிடலைன்னு அட்மிட் ஆனாங்க. மாலை 5.30க்கு டிரிப்ஸ் போட்டாச்சு, மணிக்கு 100 மி.லி. ராத்திரி 10 மணிக்கு நல்லா பேசினாங்க, மூச்சு நிமிஷத்துக்கு 20. 1.30க்கு "படுத்தா அடைக்குதும்மா"ன்னு எழுந்து உட்கார்ந்துட்டாங்க.

4/ இதுக்கு 'டேட்டா' எப்படி இருக்கணும்? (நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவாங்க, உங்களுக்காகத் தமிழில்.)

"1.30 மணி. 'படுத்தா அடைக்குது' என்கிறார். படுக்க முடியாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுகிறார். மூச்சு 32, ஆக்சிஜன் 88, நாடி 118, பிரஷர் 170/100. இரு நுரையீரலின் அடிப்பகுதியிலும் கொரகொரப்பு. 5.30 முதல் டிரிப்ஸ் 800 மி.லி., சிறுநீர் 150 மி.லி."

5/ இதில் சிஸ்டர் நோய்க்குப் பேர் வைக்கலை, கவனிச்சீங்களா? ஆனா படிக்கிற டாக்டருக்குப் படம் தெளிவா தெரியுது. உள்ளே போனது 800, வெளியே வந்தது 150. பலவீனமான இதயத்தால் அந்தத் தண்ணியைத் தள்ள முடியலை, அது நுரையீரலில் தேங்குது. படுத்தா அதிகமாகுறது அதனாலதான்.

இதே இடத்தில் "நோயாளி பதட்டமாக இருக்கிறார், தூக்கமில்லை"ன்னு எழுதியிருந்தா? மூச்சு முட்டுற யாருமே பதட்டமாத்தான் இருப்பாங்க. அந்த வார்த்தையைப் படிச்சுட்டு யாராவது தூக்க ஊசி எழுதிட்டா, மூச்சு விடுற வேகமே குறைஞ்சு ஆபத்தாகிடும். அதனால டேட்டாவில் நம்ம கருத்து வேண்டாம். கண்டதும், எண்ணியதும், நோயாளி சொன்னதும் போதும்.

6/ அடுத்து 'ஆக்‌ஷன்'.

"1.32: தலைப்பக்கம் உயர்த்தி, காலைத் தொங்கவிட்டு உட்கார வைக்கப்பட்டது. டிரிப்ஸ் நிறுத்தப்பட்டது, ஊசி வழி அப்படியே வைக்கப்பட்டது. மாஸ்க்கில் 6 லிட்டர் ஆக்சிஜன். 1.35: டூட்டி டாக்டருக்குப் போன். 1.45: டாக்டர் வந்து பார்த்தார், ஈசிஜி எடுக்கப்பட்டது. 1.55: டாக்டர் உத்தரவுப்படி பியூரோசமைடு 40 மி.கி. நரம்பு வழியாக."

ஒவ்வொண்ணுக்கும் நேரம் இருக்கு. அது அலங்காரம் இல்லை. ஊசி போட்டது 1.55ன்னு தெரிஞ்சாத்தான், 2.40க்கு சிறுநீர் வரலைன்னா "மருந்து பத்தலை"ன்னு முடிவு பண்ண முடியும். இன்னொண்ணு: முதலில் நோயாளியைப் பார்க்கணும், பிறகுதான் எழுதணும். எழுதிட்டா டாக்டருக்குச் சொன்னதா ஆகாது. போன் தனி, நோட் தனி.

7/ இப்போ 'ரெஸ்பான்ஸ்'. 2.40க்கு "ஆக்சிஜன் 95. இப்போது நலம்"னு எழுதியிருக்குன்னு வைங்க. இந்த ஒரே வரி மூணு வேற வேற நோயாளிக்குப் பொருந்தும்.

முதல் ஆள்: மூச்சு 24க்கு இறங்கியாச்சு, சிறுநீர் 400 மி.லி. போயிருக்கு, முழு வாக்கியமா பேசறாங்க, தலையணையில் சாய முடியுது. இவங்க நிஜமாவே தேறிட்டு வர்றாங்க.

இரண்டாவது ஆள்: ஆக்சிஜன் 95தான், ஆனா மூச்சு 34. இன்னும் ரெண்டு வார்த்தைதான் பேச முடியுது. சிறுநீர் கொஞ்சம்தான். இங்கே 95ங்கிறது மாஸ்க் கொடுத்த எண். நுரையீரலில் தண்ணி அப்படியே இருக்கு.

மூணாவது ஆள்: மூச்சு 12. அமைதியா இருக்காங்க. கூப்பிட்டா முனகல் மட்டும். வீட்டுக்காரங்க "அப்பாடா, தூங்கிட்டாங்க"ன்னு நினைப்பாங்க. உண்மையில் மூச்சு விட்டு விட்டு உடம்பு ஓய்ஞ்சு போச்சு, ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வருது. உடனே டாக்டர் வரணும், மூச்சுக்கு மெஷின் உதவி தேவைப்படலாம்.

8/ விரலில் மாட்டுற கருவி ஆக்சிஜனையும் நாடியையும் மட்டும்தான் சொல்லும். அந்த ஆக்சிஜனுக்காக நோயாளி எவ்வளவு பாடுபடறார்னு சொல்லாது, கரியமில வாயுவையும் சொல்லாது. அதனால என் கருத்து இதுதான்: டேட்டாவில் எதையெல்லாம் எழுதினீங்களோ, ரெஸ்பான்ஸில் அதையெல்லாம் திரும்ப எழுதணும். மூச்சு 32 இருந்தது, இப்போ எவ்வளவு? ரெண்டு வார்த்தை பேசினார், இப்போ? படுக்க முடியலை, இப்போ? 88ம் 95ம் மட்டும் எழுதினா பாதிக் கதைதான்.

9/ அதோட மூச்சை நிஜமாவே எண்ணணும். ஒரு முழு நிமிஷம், நெஞ்சைப் பார்த்து. வார்டு முழுக்க எல்லாருக்கும் 20, 20, 20ன்னு எழுதியிருக்கிற சார்ட்டைப் பார்த்தா எனக்கு உடனே சந்தேகம் வரும். நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் மெஷின் இருக்கு. வார்டில் மூச்சை எண்ண மனுஷக் கண்ணுதான், அதான் முதலில் விட்டுப்போறதும் அதுவே.

சிஸ்டரைக் குறை சொல்ல இதை எழுதலை. ராத்திரியில் ஒரு முழு வார்டை ஒருத்தர் கையில் கொடுத்துட்டு, அரை மணிக்கொரு தரம் திரும்பிப் பாருங்கன்னு சொல்றது நியாயமில்லை. மூணாவது வரி காலியா இருக்குன்னா, பல நேரம் திரும்பி வர ஆளே இல்லைன்னு அர்த்தம். அதை நிர்வாகம்தான் சரி பண்ணணும், மெமோ கொடுத்து இல்லை, ஆள் போட்டு.

10/ நீங்க அட்டெண்டரா கூட இருந்தா? "ஒரு மாதிரியா இருக்காங்க"ன்னு சொல்லாதீங்க. "10 மணிக்குப் படுத்திருந்தாங்க, 1.30லேர்ந்து படுக்க முடியலை, பேச்சு விட்டு விட்டு வருது"ன்னு சொல்லுங்க. அது அப்படியே டேட்டா. படுக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க. ஆக்சிஜனை நீங்களா கூட்டவும் வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிற சிலருக்கு அதிக ஆக்சிஜனே மயக்கத்தைக் கொண்டு வரும், அவங்களுக்கு 88லேர்ந்து 92 வரை போதும்.

ஊசி போட்டு அரை மணி ஆனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பணிவாவே: "சிஸ்டர், மூச்சு இப்போ எத்தனை இருக்கு?" திணறிட்டு இருந்தவங்க திடீர்னு அமைதியாகிட்டா நிம்மதியா உட்காராதீங்க, பேர் சொல்லி எழுப்பிப் பாருங்க. கண்ணைத் திறந்து ஒழுங்கா பதில் சொன்னா தூக்கம். சொல்லலைன்னா, அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிடுங்க.