மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில்?

அடித்து வாங்கிய சொல் அடித்தவனின் சொல்லே அன்றி, அடிபட்டவனின் சொல் ஆகாது. இதனை உணர்வதற்குச் சட்டம் பயின்றிருக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு சொல் அடித்து வாங்கப்பட்டதா, அவனே விரும்பி உரைத்ததா என்று ஐயம் எழும்பொழுது, அதனை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? இந்த ஒரு வினாவிலேதான் குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாழ்வு முழுவதும் தொங்குகின்றது. சிங்கள அரசு இவ்வினாவின் விடையைத் தலைகீழாகப் புரட்டியது. அதன் விளைவுக்கு மட்டக்களப்பு மாவட்டத்துத் தமிழர் சிங்கராசாவின் வழக்கு உலகறிந்த சான்றாக நிற்கின்றது.

இலங்கையின் பொதுச்சட்டம் இதில் தெளிவாகவே இருக்கின்றது. வெள்ளையர் ஆட்சியில், 1895இல் இயற்றப்பட்ட சான்றுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆணையிடும் நிலையிலுள்ள ஒருவர் அச்சுறுத்தியோ, ஆசை காட்டியோ, வாக்களித்தோ பெற்ற குற்ற ஒப்புரையை (வாக்குமூலத்தை) ஏற்கக் கூடாது என்கின்றது. அவ்வாறு பெற்றதாக மன்றத்திற்குத் ‘தோன்றினாலே’ போதும். முற்றாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. 25ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. காவல்துறையினரிடம் கூறிய ஒப்புரையைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராகக் காட்டவே கூடாது என்று அது தடுக்கின்றது. பூட்டிய அறைக்குள் நடப்பது இன்னதென்று சட்டம் எழுதியோர் நன்கு அறிந்திருந்தனர்.

ஒப்புரை விரும்பிக் கூறப்பட்டதா என்பதை ஆராய, வழக்கினை இடையில் நிறுத்தி, வழக்கிற்குள் ஒரு தனி உசாவல் நடைபெறும். ஒப்புரையைப் பதிந்த அலுவலரும், மொழிபெயர்த்தவரும், தட்டெழுதியவரும் முதலில் கூண்டேறிக் குறுக்கு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அதன் பின்னரே குற்றஞ்சாட்டப்பட்டவனும் மருத்துவரும் பேசுவர். அங்கே ஆராயப்படுவது ஒப்புரை உண்மையா என்பதன்று. அது எவ்வாறு பிறந்தது என்பதே. எத்தனை நாள் அடைத்து வைத்திருந்தனர்? வழக்கறிஞரைக் காண விட்டனரா? முன்னும் பின்னும் மருத்துவர் உடலைப் பார்த்தாரா? எந்த மொழியில் கேட்டனர், எந்த மொழியில் எழுதினர்? பொதுச்சட்டப்படி இவற்றிற்கெல்லாம் விடையிறுத்து, ஐயத்தைப் போக்க வேண்டிய சுமை அரசின் தோளில்தான் இருக்கின்றது.

1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த அமைப்பினை ஒரே பிரிவில் உடைத்தெறிந்தது. அதன் 16ஆம் பிரிவின்படி, உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலரிடம் கூறிய ஒப்புரை சான்றாகச் செல்லும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று எவன் சொல்கின்றானோ, அவனே அதனை மெய்ப்பிக்க வேண்டும். கதவைப் பூட்டியவன் அமர்ந்திருப்பான். பூட்டப்பட்டவன் சான்று தேட வேண்டும்!

இனி, சிங்கராசாவின் வழக்கைக் காண்போம். 16.7.1993 அன்று, அவருடைய ஊரில் நடந்த சுற்றிவளைப்பில், ஏறத்தாழ 150 தமிழ் ஆடவருடன் அவரும் பிடிக்கப்பட்டார். கொம்மாதுறைப் படைமுகாமில் கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டனர் என்றும், பின்னர்க் காவல்துறையினர் நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தியும் கண்ணைக் கட்டிக் குப்புறக் கிடத்தியும் அடித்தனர் என்றும் அவர் கூறினார். பிடிபட்ட 148ஆம் நாள், 11.12.1993 அன்று, அவருடைய ஒப்புரை பதியப்பட்டது. வினவியது தமிழில். காகிதத்தில் ஏறியதோ சிங்களத்தில்! மொழிபெயர்த்துத் தட்டெழுதியவர் அவரை உசாவிய காவலரே. தமக்குப் படிக்கத் தெரியாத அத்தாளில் சிங்கராசாவின் கைநாட்டு பதிக்கப்பட்டது.

1995 சூன் 2ஆம் நாள் கொழும்பு உயர்மன்றத்தில் அந்தத் தனி உசாவல் நடந்தது. முதுகில் வடுக்கள் உள்ளன. இடக்கண்ணில் பட்ட காயத்தால் பார்வை நிலையாகக் குறைந்துள்ளது என்று மருத்துவ அறிக்கை கூறியது. மழுங்கிய கருவியால் விளைந்த காயங்கள் என்றும் அது குறித்தது. அத்தனையும் கண்முன் இருக்க, நடுவர் ஒப்புரையை ஏற்றார். அவர் கூறிய கரணியம் என்ன? அடித்ததைச் சிங்கராசா முன்னரே எவரிடமும் முறையிடவில்லையாம்! குற்றவியல் நடுவர்முன் நிறுத்தியபொழுதும் வாய் திறக்கவில்லையாம்! முறையிட்டபின் எந்தக் காவலுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அறிந்தவன் எவ்வாறு வாய் திறப்பான்? அச்சத்தின் அடையாளமாகிய வாய்மூடலே, அச்சம் இல்லை என்பதற்குச் சான்றாக்கப்பட்டது.

அந்த ஒப்புரை தவிர வேறு சான்று இல்லை. ஐந்து குற்றச்சாட்டுகளுக்கும் தலா பத்தாண்டாக, ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை முப்பத்தைந்து ஆண்டாகக் குறைத்தது, தீர்ப்பையோ மாற்றவில்லை.

கொடிய போர்க் காலத்தில் சான்று சொல்ல மக்கள் அஞ்சுவர்; ஆகவே ஒப்புரையின்றி வழக்கு நடவாது; உயர்நிலை அலுவலர் பதிவதே போதிய காப்பு என்று சிலர் உரைக்கின்றனர். பதிந்தவரின் தோள்பட்டையில் எத்தனை விண்மீன்கள் இருந்தால் என்ன? உசாவியவரும், மொழிபெயர்த்தவரும், பதிந்தவரும் ஒரே துறையினராய் இருக்கையில், ஒருவர் மற்றவருக்கு எவ்வாறு காப்பாவார்? மேலும், சான்று கிடைப்பது அரிது என்பதற்காகப் பொய்ச்சான்று மெய்யாகி விடுமா?

ஒன்றிய நாடுகள் அவையின் மாந்த உரிமைக் குழுமுன் வழக்கு சென்றபொழுது, குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் வைத்த சுமை மிகச் சிறியது, விரும்பிக் கூறாதிருக்கக்கூடும் என்று காட்டினாலே போதும் என்றொரு வாதமும் எடுத்துரைக்கப்பட்டது. 2004 சூலையில் குழு அதனை ஏற்க மறுத்தது. சுமை சிறிதாயினும் அது அவர்மேலேயே இருந்தது. ஒப்புரை விரும்பிக் கூறப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டியது அரசே என்று அது கூறியது. சார்பற்ற, தகுதியுடைய மொழிபெயர்ப்பாளரைத் தராமல் பெற்ற ஒப்புரையை மட்டுமே நம்பித் தண்டித்ததும் முறையற்றது என்று முடிவுசெய்து, விடுதலை அல்லது மறுவழக்கு உள்ளிட்ட தக்க தீர்வினை வழங்குமாறு உரைத்தது.

இலங்கை என்ன செய்தது? 2006 செப்டம்பரில், அக்குழுவிடம் முறையிடும் உரிமையைத் தருவதற்கு 1997இல் குடியரசுத் தலைவர் இசைந்ததே அரசமைப்பிற்கு முரண் என்று கூறி, உச்சமன்றம் சிங்கராசாவின் வேண்டுகையைத் தள்ளியது. 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டபொழுதும், 16ஆம் பிரிவின் ஓர் எழுத்துங்கூட மாறவில்லை.

ஒரு தமிழன் தமிழில் பேசியதாகச் சொல்லப்படுகின்ற சொற்களுள் ஒன்றுகூட அவன் மொழியில் எழுதி வைக்கப்படவில்லை. எந்தச் சொல்லை அவன் சொன்னான், எந்தச் சொல்லைத் தட்டெழுதிய விரல்கள் சேர்த்தன என்று இனி எவராலும் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. ஒப்பிட இயலாத தாளை வைத்துக்கொண்டு, அது பொய் என்று மெய்ப்பி என அவனையே கேட்கும் மன்றம், முறை வழங்கவில்லை. முன்னரே எழுதிய தீர்ப்பைப் படித்துக் காட்டுகின்றது!