கூத்துக்குப் போறேன்னு சொன்ன மகனுக்கு

தம்பி,

ஆவணியில ஊருக்கு வந்தப்போ, "காலேஜ் வேணாம்பா, ஜமாவோடவே இருந்துடறேன்"னு சொன்ன. நான் ஒண்ணும் சொல்லல. கோபம்னு நீ நினைச்சிருப்ப. கோபம் இல்ல, கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். வாயால சொன்னா உன் அம்மா குறுக்க பேசுவா, நீயும் பாதியில எழுந்து போயிடுவ. அதனால எழுதறேன். சரின்னுதான் சொல்லப் போறேன். ஏன் சரின்னு சொல்றேன்னும் நீ தெரிஞ்சுக்கணும்.

பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச கையோட சித்திரையில பொட்டிய எடுத்துக்கிட்டு வாத்தியார் பின்னால போன. ஆடி முடிஞ்சு திரும்பி வந்தப்போ கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு, கால்ல சலங்கை கட்டின இடம் புண்ணாகி ஆறியிருந்துச்சு. ஆனா கையில ஒரு நோட்டு வச்சிருந்த. எந்த ஊர், என்ன கூத்து, என்ன வேஷம், எவ்வளவு காசு, எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்த. நீ தூங்கினப்போ அதை எடுத்துப் படிச்சேன். 62 ராத்திரி. 43,400 ரூபாய். நாலு மாசத்துக்கு.

நம்ம ஊர்த் திருவிழாவுக்குக் கூத்து பேசினப்போ நானும் பெரியவங்களோட உக்காந்திருந்தேன், அதனால இந்தக் காசு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். ராத்திரிக்கு 24,000 ரூபாய் பேசினோம். வேன் வாடகை 4,500 போனா மிச்சம் 19,500. அதைப் பங்கு வைக்கணும். வாத்தியாருக்கு ஒண்ணரைப் பங்கு. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், உடுப்பு வச்ச பெட்டிக்கு ஒரு பங்கு, ஏன்னா அதைச் செய்யவும் பழுது பாக்கவும் செலவு இருக்கு. முழுப் பங்கு ஆளுங்க ஆறு பேர், முக்கால் பங்கு நாலு பேர், அரைப் பங்கு மூணு பேர். கூட்டினா 13 பங்கு. ஒரு பங்குக்கு 1,500. உனக்கு அரைப் பங்கு, 750. சின்ன ஊர்ல இன்னும் கம்மி. அப்படித்தான் உன் நோட்டுல ராத்திரிக்கு சராசரி 700 வருது.

உன் மாமா பையன் சிப்காட் பஸ்ல போறான், மாசம் 14,000 வாங்கறான். வருஷத்துக்கு 1,68,000. நீ முழுப் பங்கு ஆளா ஆனாலும், இதே 62 ராத்திரிக்கு 86,800தான் வரும். அவன் சம்பாதிக்கறதுல பாதி. இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் சரின்னு சொல்றேன். யாராவது உன்கிட்ட "கலைக்கு மதிப்பு போடாதே"ன்னு பேசினா நம்பாதே. வாத்தியாரே பங்கு போட்டுத்தான் கொடுக்கறாரு.

அப்புறம் ஏன் சரி? வருஷத்தப் பாரு. மார்கழியில மணிலா போடறோம், பங்குனிக் கடைசியில, சித்திரை ஆரம்பத்துல பிடுங்கறோம். அதோட நிலம் காஞ்சு கிடக்கும். ஆவணியில நாத்து விட்டு, புரட்டாசியில சம்பா நடவு, தையில அறுப்பு. நடுவுல சித்திரை, வைகாசி, ஆனி, ஆடின்னு நாலு மாசம் நம்ம ரெண்டு ஏக்கர்ல உனக்குப் பெருசா வேலை இல்ல. திரௌபதியம்மன் கோயிலுங்கள்ல பாரதம் வைக்கறதும் அந்த நாலு மாசத்துலதான். ஏதோ தற்செயலா அமைஞ்சதுன்னு நினைக்காதே. ஊர்க்காரன் கையில அறுத்த காசு இருக்கணும், ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா காலையில ஏர் ஓட்டவேண்டியது இருக்கக் கூடாது, மழை வரக் கூடாது. அப்போதான் பத்து ராத்திரி கூத்து வைக்க முடியும். கூத்து நம்ம வயலோட ஓய்வுலதான் நடக்குது. உங்க ஜமாவுல பாதிப் பேர் மழை மாசத்துல வயல் வேலைக்குப் போறவங்கதானே?

அந்த மழை மாசந்தான் விஷயமே. ஒரு தொழில் நல்லதா கெட்டதான்னு அறுப்பு மாசத்த வச்சுப் பாக்கக் கூடாது. புரட்டாசியிலேருந்து மார்கழி வரைக்கும் என்ன நடக்குதுன்னு பாக்கணும். அங்கங்க கருமாதிக் கூத்து வரும், மாசத்துக்கு மூணோ நாலோ. மத்த நாள் அடுப்பு எப்படி எரியும்? அங்கதான் முன்பணம் வருது. கை காஞ்ச நேரத்துல ஜமாக்காரர் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுப்பார். வாங்கினா அடுத்த சீசன் முழுக்க அவர் ஜமாவுலதான் ஆடணும். பங்கு ஏத்திக் கேக்க வாய் வராது. உடம்பு சரியில்லன்னாலும் போகணும். சீசன் முடிஞ்சா கழிச்சது போக மிச்சம் இருக்காது, மறுபடி முன்பணம். செங்கல் சூளைக்குப் போற குடும்பங்க எப்படி மாட்டுதுன்னு பாத்திருக்கியே, அதே கயிறுதான். உன் வாத்தியார் நல்லவர், எனக்குத் தெரியும். நல்லவர் கையில இருந்தாலும் கயிறு கயிறுதான்.

அதனால நான் கேக்கறது இது ஒண்ணுதான்: யார்கிட்டயும் முன்பணம் வாங்காதே. தையில அறுத்ததும் உன் பேருக்குன்னு நெல்லு தனியா மூட்டை கட்டி வச்சிடறேன். மழை மாசத்துல நீ இங்க வந்து களை எடு, மடை பாரு, மார்கழியில மணிலா போடக் கூட நில்லு. சோத்துக்குப் பயம் இல்லன்னா யார் வாசல்லயும் போய் நிக்க மாட்ட. டிகிரி ஒண்ணு கையில வச்சுக்கோன்னு உன் சித்தப்பா சொல்றான். நாலாம் வருஷம் வேலைக்கு ஆகாத ஒரு தாளுக்குப் பணம் கட்டறத விட, கிணத்து மோட்டாரைப் புதுசாக்கினா உனக்கு அது பாதுகாப்புன்னு எனக்குத் தோணுது. இது என் அபிப்பிராயம், சித்தப்பா ஒத்துக்க மாட்டான்.

எங்க கத்துக்கறதுன்னும் யோசிச்சேன். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து குருகுலம் இருந்துச்சு. பள்ளிக்கூடப் படிப்பையும் கூத்தையும் சேத்தே சொல்லிக் கொடுத்தாங்க, பொண்ணுங்களும் ஆடினாங்க. 2002ல ஆரம்பிச்சது, 2020ல மூடிட்டாங்க. இருந்திருந்தா உன்னை அங்கதான் விட்டிருப்பேன். இப்போதைக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைதான் உனக்குப் பள்ளிக்கூடம். அங்க உன் வேஷத்த மட்டும் பாடம் பண்ணிட்டு வராதே. எதிர வேஷத்தோட பாட்டும் தெரிஞ்சாதான், ராத்திரி மூணு மணிக்கு அவன் அடி மறந்தா நீ எடுத்துக் கொடுக்க முடியும். கட்டியக்காரன் பேச்சையும் கவனி. முழுப் பங்குக்குப் போறவங்க எல்லாம் நாலு வேஷம் தெரிஞ்சவங்கதான்.

தொண்டையப் பத்தி ஒண்ணு. உனக்குக் குரல் உடைஞ்சு ரெண்டு வருஷந்தான் ஆகுது. விடியக்காலம் தொண்டை கட்டறது சகஜம், எல்லாருக்கும் கட்டும். சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சா பயம் இல்ல. அடுத்த ராத்திரி திரை பிடிக்கற நேரத்துலயும் கரகரன்னு இருந்தா, வயித்துலேருந்து பாடாம கழுத்த இறுக்கிக் கத்தறேன்னு அர்த்தம். அதை வாத்தியார்கிட்ட சொல்லு, மறைக்காதே. அப்போ சிலர் ஒரு கிளாஸ் ஊத்தித் தருவாங்க, தொண்டை திறக்கும்னு. ரெண்டு மணி நேரம் திறந்த மாதிரிதான் இருக்கும். அப்படித் திறந்தே போன தொண்டைங்கள நம்ம ஊர்லயே உனக்குக் காட்டுவேன், இப்போ திரை பிடிக்க மட்டும் வராங்க.

கிரிக்கி சுத்தறப்போ கீழ என்ன இருக்குன்னு பாரு. முன்னெல்லாம் மண்ணு. இப்போ ஊர் ஊருக்கு சிமெண்ட் ரோடு போட்டு, அது மேலயே ஆடச் சொல்றாங்க. முட்டி போயிடும். ரெண்டு வண்டி மண்ணு கொட்டுங்கன்னு அச்சாரம் வாங்கற அன்னைக்கே பேசிடணும். ஊர்க்காரங்க செய்வாங்க, கேட்டாதான்.

இனி சொந்தக்காரங்க பேச்சு. "கூத்தாடி"ன்னு சொல்றாங்க. அதுலயும் நீ பொம்பளை வேஷம் கட்டறேன்னு உன் அத்தைக்கு வீட்டை விட்டு வெளிய வர முடியலயாம். கட்டை வேஷம், அதான் கிரீடமும் புஜமும் கட்டற ராஜா வேஷம், எடுத்த எடுப்புலயே யாருக்கும் கிடைக்காது. மெலிஞ்ச உடம்பும் இளங்குரலும் இருக்கற பையனுக்கு முதல்ல சேலைதான்னு நான் அத்தைகிட்ட சொன்னேன். அவளுக்கு அது ஏறல.

ஆனா தாத்தாவோட கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வச்சோமே, ஞாபகம் இருக்கா? உனக்கு அப்போ 12 வயசு. செத்த வீட்டுல பதினாறு நாள் அத்தை கண்ணுல தண்ணி வரல. அப்பன்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனவ, கடைசியா முகம் பாக்கல. அன்னைக்கு ராத்திரி, பிறப்பு தெரியாதவன்னு கர்ணன எட்ட வச்ச பொன்னுருவி, அவன் சண்டைக்குக் கிளம்பறப்போ வந்து நின்னு அழுதா பாரு, அப்பதான் அத்தை வாய்விட்டு அழுதா. நடுவீதியில, ஊரே பாக்க. அன்னைக்குப் பொன்னுருவியா வந்தது மீசை மழிச்ச ஒரு ஆம்பள. அத்தைக்கும் அது தெரியும். இதை நான் அவகிட்ட சொல்லிக் காட்டப் போறதில்ல, நீயும் சொல்லாதே. உனக்குத் தெரிஞ்சிருந்தா போதும்.

போன வைகாசியில பக்கத்து ஊர்ல நீ பொன்னுருவி கட்டினப்போ நான் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது, டீக்கடை ஓரமா நின்னேன். நீ நல்லாப் பாடின. அழுகைப் பாட்டுல கொஞ்சம் அவசரப்பட்ட, முகவீணைக்காரர் உன் பின்னால ஓடி வர வேண்டியதா இருந்துச்சு. நிறுத்திப் பாடு. ஜனம் எங்கயும் போயிடாது.

கல்யாணத்துக்குப் பொண்ணு யார் கொடுப்பான்னு அம்மா கேக்கறா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கு, அதுக்குள்ள நீ முழுப் பங்கு ஆளாகியிருப்பியா, வீட்டுக்கு ஒழுங்கா வரவியா, கடன் இருக்கா, இதைப் பாத்துத்தான் பொண்ணு வீட்டுல முடிவு பண்ணுவாங்க. அம்மா சம்மதம்னு வாயால சொல்லல. ஆனா உன் சலங்கை பிஞ்சு கிடந்துச்சே, அதுக்கு உள்ள வச்சுத் தைக்க பழைய வேட்டியை மடிச்சு வச்சிருக்கா.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல உன்னைப் பதியணும். ஆதார், ரேஷன் கார்டு ரெண்டும் நகல் எடுத்து வச்சிருக்கேன். வேற என்ன தாள் கேக்கறாங்கன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுட்டு வா. சம்பாவுல ரெண்டாம் களை மண்டிக் கிடக்கு, ஆள் கூலி 400 கேக்கறாங்க. கருமாதிக் கூத்து இல்லாத வாரமாப் பாத்து வந்துடு. வர்றப்போ அந்த நோட்டை மறக்காம எடுத்துக்கிட்டு வா. ஐப்பசிக் கணக்கை இன்னும் நான் பாக்கல.

அப்பா