பாராசிட்டமால் கேக்கலன்னு வேற சிரப்புக்கு மாறாதீங்க

மழைக்காலத்துல குழந்தைக்குக் காய்ச்சல்னா வீட்ல பாராசிட்டமால் மட்டும்தான் இருக்கணும். என்னடா இந்த டாக்டர் இவ்ளோ கறாரா பேசுறாரேன்னு தோணும். ஒரு கேஸ் சொல்றேன்.

3 வயசுக் குழந்தை, எடை 12 கிலோ. ரெண்டு நாளா 103 டிகிரி. அம்மா பாராசிட்டமால் சிரப் 2.5 மி.லி. குடுத்திருக்காங்க, இறங்கல. மெடிக்கல்ல கேட்டதும் "இது நல்லா கேக்கும்மா"ன்னு மெஃபனமிக் ஆசிட் சிரப் குடுத்துட்டாங்க. காய்ச்சல் இறங்கிடுச்சு. அஞ்சாவது நாள் மலம் கறுப்பா போகுதுன்னு தூக்கிட்டு ஓடி வந்தாங்க. டெங்கு.

முதல்ல பாராசிட்டமால் ஏன் கேக்கலன்னு பாப்போம். அவங்க கையில இருந்தது 5 மி.லி.ல 120 மி.கி. உள்ள சிரப். 2.5 மி.லி.ன்னா 60 மி.கி.தான். ஒரு கிலோவுக்கு 10-15 மி.கி. கணக்குல இந்தக் குழந்தைக்குத் தேவை 120-180 மி.கி., அதாவது 5-7.5 மி.லி. பாதி டோஸ் குடுத்துட்டு மருந்து மேல பழி! அதுக்காக அடிக்கடியும் ஊத்தக் கூடாது. 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம். 250 மி.கி. சிரப்பும் கடையில இருக்கு, பாட்டிலைப் படிச்சுட்டு ஊத்துங்க.

இப்ப அந்த இன்னொரு சிரப். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம். டெங்குல ஏற்கெனவே பிளேட்லெட் குறையும். மிச்சம் இருக்கிறதையும் இந்த மருந்துகள் ஒழுங்கா ஒட்ட விடாது. ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் அதோட ஆயுசு முழுக்க, 7-10 நாள், வேலைக்கு ஆகாது. மத்த மருந்துகள்ல இந்த பாதிப்பு சீக்கிரம் சரியாகும். ஆனா வயித்தோட உள்சுவரைப் பாதுகாக்கிற படலத்தை எல்லாமே அரிக்கும். புண்ணு வந்து, ரத்தம் உறையவும் இல்லன்னா என்ன ஆகும்? கறுப்பு மலம். டெங்குல ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியிறப்போ கிட்னிக்கும் இது கூடுதல் அடி.

ஆஸ்பிரின்ல இன்னொரு ஆபத்து ரேய்ஸ் சிண்ட்ரோம். ஃப்ளூ, அம்மை வந்த குழந்தைகளுக்கு அபூர்வமா மூளையும் கல்லீரலும் கெட்டுடும். கவாசாகி நோய், இதயப் பிரச்சனைக்காக ஆஸ்பிரின் எடுக்கிற குழந்தைன்னா நீங்களா நிறுத்தாதீங்க, காய்ச்சல் வந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

"டெங்குன்னு அப்ப தெரியாதே டாக்டர்"னு அந்த அம்மா கேட்டாங்க. நியாயம்தான். முதல் ரெண்டு நாள்ல பாத்த மாத்திரத்துல எங்களுக்கும் தெரியாது. அதனாலதான் டெங்கு இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் வேண்டாம்னு சொல்றேன்.

இன்னொண்ணு. டெங்குல சிக்கல் ஆரம்பிக்கிறதே காய்ச்சல் இறங்குற அந்த 3-7ஆம் நாள்லதான். காய்ச்சல் விட்டும் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லிப்பு, 6 மணி நேரமா மூத்திரம் போகாம இருக்கிறது, சோர்ந்து கிடக்கிறது இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போறப்போ குடுத்த சிரப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.