பனடோல் கொடுக்கு முன் போத்தலை வாசிப்போம்



நம் வீட்டு அலுமாரிகளில் பார்மசியில் வாங்கிய பரசிட்டமோல் பாணி ஒன்று இருக்கும். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வந்த பொதியில் கைக்குழந்தைக்கான துளி மருந்தும் இருக்கக் கூடும். இரண்டும் ஒரே மருந்துதான், ஆனால் செறிவு வேறு. இது தெரியாமல், "புள்ளைக்குக் காய்ச்சல், எத்தனை மில்லி குடுக்க?" என்று போனில் கேட்டால், "அஞ்சு மில்லி குடுங்க" என்கிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

கைக்குழந்தை ஒரு கரண்டி மருந்தை விழுங்காது, துப்பிவிடும். அதனால்தான் கொஞ்ச நீரில் அதிக மருந்தை அடக்கித் துளி மருந்தைச் செய்கிறார்கள். வழக்கமான துளி மருந்தில் 1 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் இருக்கும். வழக்கமான பாணியில் 120 மில்லிகிராம் இருக்க 5 மில்லிலீற்றர் வேண்டும்.

8 கிலோ எடையுள்ள பிள்ளையை எடுப்போம். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வைத்தியர்களின் வழக்கமான கணக்கு. ஆக 120 மில்லிகிராம். பாணியில் அது 5 மில்லிலீற்றர், துளி மருந்தில் 1.2 மில்லிலீற்றர். துளி மருந்தை 5 மில்லிலீற்றர் ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அது பெரியவர்களின் ஒரு முழு மாத்திரை! மாறாக, பாணியை 1.2 மில்லிலீற்றர் கொடுத்தால் 29 மில்லிகிராம்கூட இல்லை, காய்ச்சல் இறங்காது.

எனவே போத்தலில் இரண்டு எண்களைச் சேர்த்து வாசியுங்கள்: எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லிலீற்றரில். 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு. அந்தந்தப் போத்தலோடு வந்த அளவியாலேயே அளவுங்கள். துளிக்குழாயைப் பாணிக்கு மாற்ற வேண்டாம், தேக்கரண்டியும் வேண்டாம். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் குறைந்தது 4 மணித்தியாலம் விட வேண்டும், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கூடிப்போனால் முதல் நாள் பிள்ளை சாதாரணமாகத்தான் இருக்கும். ஈரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். அறிகுறிக்குக் காத்திராமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் குழப்பம் படிக்காதவர்களின் பிழை அல்ல. அமெரிக்காவிலேயே இது நடந்து, 2011இல் உற்பத்தியாளர்கள் பிள்ளைகளின் திரவ மருந்தை 5 மில்லிலீற்றருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பழைய போத்தல்கள் கடைகளில் இருந்ததால், அவ்வருட டிசம்பரில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் பெற்றோரை எச்சரிக்கவும் வேண்டி வந்தது.

நமது ஊர் வைத்தியர்களிடமும் பார்மசிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: "5 மில்லி" என்று மட்டும் எழுதாமல், எத்தனை மில்லிகிராம், எந்தச் செறிவுள்ள போத்தல் என்பதையும் எழுதுங்கள். உம்மாமாரே, இனி யாராவது "எத்தனை மில்லி?" என்று கேட்டால், "போத்தல்ல என்ன எழுதியிருக்கு?" என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.