படத்தில் வரும் மருந்துச்சீட்டு

ஊரில் இருக்கும் அம்மாவை டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சீட்டைப் படம் எடுத்துச் சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்புவான். மகள் அதை நமக்குத் தள்ளிவிட்டு, "இதுல bd, tds-னு போட்டிருக்கே, என்ன சார்?" என்று கேட்பார். நம்மில் பலரும் கவுன்ட்டரில் நின்றபடியே பதில் தட்டிவிடுகிறோம்: od ஒண்ணு, bd ரெண்டு, tds மூணு. பதிலில் பிழை இல்லை. அது இரண்டு கை மாறி அம்மாவிடம் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதுதான் தொல்லை.

"ரெண்டு" என்பதை ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. "ரெண்டு வேளை" என்று திருத்திச் சொன்னாலும் எந்த இரண்டு வேளை என்பது தொக்கி நிற்கும். காலையும் மதியமும் போட்டுவிட்டு, இரவு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் மறுநாள் காலை வரை பத்தொன்பது மணி நேரம் மருந்தே இல்லை. வேளை என்றால் நம் வீடுகளில் சாப்பாட்டு வேளை. காய்ச்சலில் மதியச் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டால் அந்த வேளை மாத்திரையும் சேர்ந்து போய்விடும். ஆகவே எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்தாமல் மணியைச் சொல்ல வேண்டும்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயுள்ள 67 வயது அம்மா, காலில் புண். நான்கு வரிகள்: அமாக்சிசிலின்-கிளாவுலனிக் 625, பக்கத்தில் bd போலவும் tds போலவும் ஒரு கிறுக்கல். மெட்ஃபார்மின் 500 bd pc. கிளிமிபிரைடு 1 od ac. பாராசிட்டமால் 650 sos. வலது ஓரத்தில் ஒரு பெரிய அடைப்புக்கோடு, அதன் மூக்கில் 5/7. அடைப்புக்கோட்டின் கீழ்முனை படத்துக்கு வெளியே போய்விட்டது.

நமக்கு 5/7 என்றால் ஐந்து நாள். குடும்பத்தார் அதை ஐந்து மில்லி என்றோ, வாரத்தில் ஐந்து நாள் என்றோ படிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து அந்த அடைப்புக்கோடு. அது முதல் வரிக்கு மட்டுமா, நான்குக்கும் சேர்த்தா? நான்குக்கும் என்று எடுத்துக்கொண்டால் ஆறாம் நாள் அம்மா சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடுவார். புண் ஆற வேண்டிய நேரத்தில் சர்க்கரை ஏறும். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவையா, இன்று புதிதாக எழுதியவையா என்று மகளிடம் கேட்டால் பாதி தெளியும். மீதியைத் தாள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் விளக்கம் சொல்வதற்கு முன் மறுபடம் கேளுங்கள். சீட்டை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில் அல்லது விளக்கடியில், ஃபிளாஷ் இல்லாமல், நான்கு மூலையும் தெரியும்படி. பின்பக்கமும் வேண்டும். திரும்ப வர வேண்டிய நாளைப் பல டாக்டர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள். கூடவே வாங்கிவந்த அட்டைகளையும் பில்லையும் ஒரு படம்.

பில் நல்ல சாட்சி. அமாக்சிசிலின்-கிளாவுலனிக் ஐந்து நாளுக்குப் பத்து மாத்திரை கொடுத்திருந்தால் கடைக்காரர் bd என்று படித்திருக்கிறார். பதினைந்து என்றால் tds. ஆனால் பில் காட்டுவது கடைக்காரர் படித்ததை, டாக்டர் எழுதியதை அல்ல. நம் அனுபவமும் இங்கே கைகொடுக்காது. 625 மில்லிகிராமை நோயின் கடுமையைப் பொறுத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கிறார்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கிறார்கள். இரண்டும் பாடத்தில் உள்ள அளவுகளே. "வழக்கமா ரெண்டு வேளைதாம்மா" என்று நாம் சொல்லிவிடுவது விளக்கம் ஆகாது, மருந்து எழுதுவதாகிவிடும். இந்திய மருந்தியல் மன்றத்தின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை நம் கடமையாகவே வைத்திருக்கின்றன. அளவைத் தீர்மானிப்பது அதில் சேராது. எழுதியவரைக் கேட்பது ஒன்றுதான் வழி.

கண் டாக்டர் சீட்டு என்றால் இன்னொரு கண்ணி. அங்கே OD வலது கண்ணையும் குறிக்கும். கண்புரை அறுவைக்குப் பின் போடும் சொட்டு மருந்தை நாளைக்கு ஒருமுறை என்று நாம் சொல்லிவைத்தால், ஆறு முறை விடவேண்டியவர் ஒரு முறை விட்டுக்கொண்டிருப்பார். எண்ணிக்கை அடுத்த குறியீட்டில் இருக்கும்.

நம் சீட்டுக்குத் திரும்புவோம். தெளிவான வரிகளைச் சொல்லத் தடையில்லை. மகளுக்கு அனுப்பும் செய்தி, அவர் அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். "கிளிமிபிரைடு: காலையில் மட்டும், ஒன்று. இட்லி தட்டில் வந்த பிறகு போட்டுக்கொண்டு உடனே சாப்பிட வேண்டும். அன்று காலை சாப்பிட முடியாவிட்டால் இதைப் போட வேண்டாம், டாக்டரிடம் சொல்லவும். மெட்ஃபார்மின்: காலை சாப்பிட்டதும் ஒன்று, இரவு சாப்பிட்டதும் ஒன்று." ac என்பதற்குச் 'சாப்பாட்டுக்கு முன்' என்று மட்டும் எழுதினால், விடிகாலை காபியோடு போட்டுவிட்டு ஒன்பது மணிவரை வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். கிளிமிபிரைடு போட்டவருக்கு அந்த இடைவெளி தாழ்சர்க்கரை. வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொல்லி அதே செய்தியில் ஒரு வரி சேருங்கள்.

sos-ஐத் 'தேவைப்பட்டால்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எதற்குத் தேவைப்பட்டால்? காய்ச்சலுக்கா, கால் வலிக்கா? சீட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்கும் பட்டியலில் அதையும் வையுங்கள். இரண்டு மாத்திரைக்கு நடுவே ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது என்ற வரம்பையும், சளிக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம் என்பதையும் சொல்லாமல் sos-ஐ விளக்க முடியாது.

செய்தி போன பிறகு, "அம்மா நாளைக்குக் காலையில எதெது போடுவாங்க, சொல்லுங்க" என்று மகளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

மீதி நிற்பது அந்தக் கிறுக்கல். இரவு ஒன்பது மணி, கிளினிக் பூட்டியாகிவிட்டது. மகளுக்குப் பதற்றம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். bd ஆனாலும் tds ஆனாலும் இன்றிரவு ஒரு மாத்திரை உண்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு ஒன்றும் உண்டு. வேறுபடுவது மதிய மாத்திரை ஒன்றுதான். எனவே இரவு மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கும்போது போடச் சொல்லலாம், வயிற்றுக்கும் அதுதான் நல்லது. அதற்கு முன் பென்சிலின் வகை மருந்தில் எப்போதாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததுண்டு என்றால் அன்றிரவு மாத்திரையே கிடையாது, பணியில் இருக்கும் ஒரு டாக்டரிடம் போகவேண்டியதுதான். இல்லையென்றால் சீட்டின் தலைப்பில் இருக்கும் எண்ணுக்குக் காலை கிளினிக் திறந்ததும் கூப்பிட்டு, 625 எத்தனை வேளை, 5/7 எந்தெந்த வரிக்கு, sos எதற்கு என்று மூன்றையும் ஒரே அழைப்பில் கேட்டுவிடலாம். பதில் ஒரு மணிக்குள் மகளிடம் போய்ச் சேர்ந்தால் போதும். யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு கடையின் நோட்டில் எழுதிவையுங்கள். ஐந்தாம் நாள் அதே மகள் மறுபடி அழைப்பார்.